இருட்டில் தொலையும் தோள்

தீபாவளி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்த கடைக்காரர், மடிப்புக் கலையாத புதுக் கருப்புச் சட்டை ஒன்றை ஸ்டுடியோ மேசையில் வைக்கிறார். "பின்னாடியும் டார்க்காவே இருக்கட்டும், அப்பதான் கெத்தா இருக்கும்" என்கிறார். சட்டையை மாடல் போட்டுக்கொண்டு நிற்கிறார், ஃபிளாஷ் அடிக்கிறது, படம் திரையில் வருகிறது. அதில் ஒரு முகம் இருக்கிறது. இரண்டு கைகள் இருக்கின்றன. நடுவே நான்கைந்து பட்டன்கள் மினுங்குகின்றன. தோள் எங்கே முடிந்து பின்னணி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. விற்க வேண்டிய சட்டையைத்தான் காணோம்.

நேரில் பார்க்கும்போது இந்தச் சிக்கல் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அதே அறையில் நிற்கிறவருக்குத் தோள் நன்றாகத் தெரியும். மனிதருக்கு இரண்டு கண்கள். ஆள் முன்னே நிற்கிறார், திரை பின்னே தொங்குகிறது என்பதை அவை இடைவெளியை வைத்தே சொல்லிவிடும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் போதும். படத்துக்கு அந்த வசதி கிடையாது. தட்டையான தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு நிறங்களுக்கு இடையே வித்தியாசம் இருந்தால் அங்கே ஓர் ஓரம் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. சட்டை நல்ல சட்டை, லைட் விலை உயர்ந்த லைட் என்பதெல்லாம் அதை மாற்றாது.

படம் இருண்டுபோனதும் பலரும் முதலில் செய்வது ஃபிளாஷின் பவரைக் கூட்டுவது. அது ஏன் உதவாது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

சாதாரணக் கருப்புப் பருத்தித் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். போட்டோக்காரர்கள் அளவுகோலாக வைத்திருக்கும் நடுச் சாம்பல் நிறம் பதினெட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் இடையே நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே சாம்பல் நிறப் பேப்பர் பின்னணியில் கருப்புச் சட்டை பளிச்சென்று தனியாகத் தெரிய வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இனி ஒரு சின்ன ஸ்டுடியோவில் வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். இடம் குறைவு. முக்கிய லைட் மாடலுக்கு இடது முன்பக்கம், 3 அடி தூரத்தில். பேப்பர் மாடலுக்கு 3 அடி பின்னால். அதாவது லைட்டிலிருந்து பேப்பருக்கு ஏறக்குறைய 6 அடி. ஒரு சிறிய லைட்டிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகக் குறைந்துவிடும். பேப்பருக்குக் கிடைப்பது அந்தக் கால்வாசிதான். பதினெட்டில் கால்வாசி நாலரை. சட்டை திருப்பி அனுப்புவது நான்கு. நாலரையும் நான்கும் படத்தில் ஒன்றே. சாம்பல் நிறப் பேப்பர் கருப்புச் சட்டையின் அளவுக்கு இறங்கி வந்து, தோளை விழுங்கிவிட்டது.

பவரை இரண்டு மடங்காக்கினால் ஒன்பதும் எட்டும் ஆகும். விகிதம் மாறவில்லை. மாடலின் நெற்றிதான் வெளுத்துப்போகும்.

அடுத்த யோசனை, பின்னணியை இன்னும் இருட்டாக்குவது. மாடலை முன்னால் நகர்த்தி, பேப்பர் லைட்டிலிருந்து 12 அடியில் இருக்கும்படி வைக்கிறார்கள். நான்கு மடங்கு தூரம், பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம். பேப்பர் ஒன்றுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. சட்டை நான்கு. இடது தோள் இப்போது அழகாகப் பிரிந்து தெரிகிறது. எல்லோரும் கைதட்டும் நேரத்தில் வலது தோளைப் பார்த்தால் அது இல்லை. லைட் இடப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் நிழல். நிழலுக்குக் கிடைக்கும் வெளிச்சம் கால்வாசி என்றால், அங்கே சட்டை திருப்பி அனுப்புவது ஒன்று. பின்னணியும் ஏறக்குறைய ஒன்று. ஒரு பக்கத்தில் தீர்த்த பிரச்சினை அடுத்த பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. இருட்டுப் பின்னணியில் எடுத்த கல்யாண கோட்-சூட் படங்களில் ஒற்றைத் தோள் மாப்பிள்ளைகளைப் பார்க்க முடிவதற்கு இதுதான் காரணம்.

ஆக, முழு உருவத்துக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது. உருவத்தைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இங்கே துணி வெளிச்சமா, பின்னணி வெளிச்சமா என்று கேட்டு, இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். இடது தோளில் துணிதான் வெளிச்சம். அங்கே செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வலது தோளுக்கு இரண்டு வழி உண்டு: அதன் பின்னால் இருக்கும் பேப்பரைக் கொஞ்சம் தூக்குவது, அல்லது தோளின் விளிம்பைத் தூக்குவது.

முதல் வழி அதிகம் பேசப்படாதது. மாடலுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி இடுப்புக்குக் கீழே ஒரு சிறிய லைட்டை வைத்து, அதைப் பேப்பரின் வலப்பக்கம் நோக்கித் திருப்ப வேண்டும். பேப்பர் முழுவதும் வெளுக்க வேண்டியதில்லை. நிழல் தோளுக்குப் பின்னால் மட்டும் மங்கலான ஒரு வெளிச்சம் எழும்பி, ஓரங்களுக்குப் போகப் போக இருட்டில் கரைந்தால் போதும். கணக்கில் சொன்னால், அங்கே பேப்பர் ஒன்றிலிருந்து மூன்று நான்கு வரை ஏற வேண்டும். பார்க்கிறவருக்கு அது இன்னும் இருட்டுப் பின்னணிதான். ஆனால் வலப்பக்கத்தில் இருண்ட சட்டைக்குப் பின்னால் வெளிச்சமும், இடப்பக்கத்தில் வெளிச்சமான சட்டைக்குப் பின்னால் இருட்டும் வந்துவிடும்.

ஐரோப்பிய உருவப்பட ஓவியர்கள் இந்த மாற்றுக்கட்டு வேலையைக் கேமரா வருவதற்கு நெடுங்காலம் முன்பே செய்துவந்தார்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்து 1884இல் பாரிஸ் சலோனில் வைத்த 'மேடம் எக்ஸ்' இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருப்பு கவுன் அணிந்த பெண், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையை மேசைமேல் ஊன்றி நிற்கிறாள். அன்று அந்த ஓவியம் கிளப்பிய அமளி வேறு கதை. துணி விஷயத்தில் கவனிக்க வேண்டியது பின்னணி. முதல் பார்வைக்கு அது இருட்டாகத் தோன்றும். உண்மையில் அது பழுப்பு. கவுனின் கருப்பைவிட வெளிச்சம் கூடியது. அந்த வித்தியாசத்திலேயே இடுப்பின் வளைவு கத்தரித்து எடுத்ததுபோல் நிற்கிறது. விளிம்பில் வெள்ளைக் கோடு இழுக்க வேண்டிய தேவை சார்ஜென்ட்டுக்கு வரவில்லை.

இரண்டாவது வழிதான் எல்லோரும் அறிந்த ரிம் லைட். நிழல் பக்கத்தில், மாடலுக்குச் சற்றுப் பின்னால், நீளவாக்கில் ஒடுங்கிய ஸ்ட்ரிப் பாக்ஸை நிறுத்துவார்கள். வெளிச்சம் பின்னாலிருந்து சாய்வாக வந்து தோள், கை, இடுப்பு ஆகியவற்றின் விளிம்பை மட்டும் உரசிக்கொண்டு போகும். கேட்க எளிது, நிறுத்துவதுதான் வேலை. ஸ்டாண்ட் சற்று முன்னால் வந்துவிட்டால் வெளிச்சம் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் ஏறி உட்காரும். அதிகம் பின்னால் போனால் நேராக லென்ஸுக்குள் பாயும். அப்போது படம் முழுவதும் ஒரு புகை படிந்ததுபோல் கருப்பெல்லாம் சாம்பலாகிவிடும். ஓரத்தைக் காப்பாற்ற வைத்த லைட்டே ஓரத்தை அழிக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. லென்ஸின் பக்கத்தில், படத்துக்குள் வராமல், லைட்டின் திசையில் கையை நீட்டி மறைத்துப் பார்க்க வேண்டும். கருப்பு சட்டென்று ஆழமானால், லைட் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒரு கட்டர் நிறுத்த வேண்டும். கட்டர் என்று தனியாக இல்லாவிட்டால் கருப்புப் பெயின்ட் அடித்த தெர்மாகோல் போதும்.

இன்னொரு தொல்லை, தோல். கருப்புத் துணி நான்கு பங்குதான் திருப்பி அனுப்புகிறது. கழுத்தும் காதும் அதைவிடப் பல மடங்கு அனுப்பும். சட்டை விளிம்பு தெரியும் அளவுக்கு ரிம்மைக் கூட்டினால் காது மடல் வெந்து வெளுத்துவிடும். அதனால் ஸ்ட்ரிப் பாக்ஸின் மேல்பகுதியைக் காலர் உயரத்துக்கு மறைத்து, வெளிச்சம் துணியின்மேல் மட்டும் விழச் செய்வது நல்லது. தலைமுடிக்குத் தனியே, பவர் குறைந்த ஒரு லைட். நம் ஊரில் இந்தத் தனி லைட்டைத் தவிர்க்கவே முடியாது. கருப்பு முடியும் சட்டையோடு சேர்ந்து இருட்டுக்குள் போய்விடும். எண்ணெய் தடவிய முடி என்றால் பவரை இன்னும் குறைக்க வேண்டும். அது வெளிச்சத்தைப் பரப்பாது, புள்ளிப் புள்ளியாகத் திருப்பி அடிக்கும்.

இரண்டு பக்கமும் ரிம் லைட் வைத்து, தலை முதல் கால் வரை சம அகலத்தில் வெள்ளைக் கோடு போட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. தீரத்தான் செய்யும். ஆனால் ஆள் பின்னணியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி ஆகிவிடுவார். ஒரு பக்கம் ரிம், மறுபக்கம் பின்னணி வெளிச்சம் என்று பிரித்துக்கொண்டால் உடலுக்குக் கனம் வருகிறது. விளம்பர போஸ்டர்களில் இரட்டைக் கோடு இவ்வளவு பரவியதற்கு அது வேகமாகச் செய்யக்கூடிய வேலை என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

சினிமாவில் இதற்கு மூன்றாவது ஒரு வழி பிரபலமானது. 1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தின் தொடக்கத்தில் மார்லன் பிராண்டோ கருப்பு டக்ஸிடோ அணிந்து, இருண்ட அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் வெளிச்சத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்கினார். கண்கள் நிழலுக்குள் போயின. மேலிருந்து வரும் லைட் தோள்களின் மேல்விளிம்பைத் தானாகவே தொடும் என்பதால் பக்கவாட்டுக் கோடுகளின் தேவை குறைந்துவிடுகிறது. தமிழில் பின்னொளி என்றதும் பி.சி. ஸ்ரீராம் நினைவுக்கு வருவார். 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தில் ஆட்களுக்குப் பின்னாலிருந்து பாயும் வெளிச்சத்தை அவர் ஒளித்துவைக்கவே இல்லை. லென்ஸுக்குள் பாயும் ஒளிகூட அந்தப் படத்தின் அழகில் ஒரு பகுதியானது. ஆனால் சட்டை விற்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. துணியின் கருப்பு கருப்பாகவே இருந்தாக வேண்டும்.

துணிக்குத் துணி இந்த வேலை மாறும். கருப்புப் பருத்தி எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஒளியைத் திருப்பும்; அதற்கு ரிம் பவர் தேவை. பட்டும் சாட்டினும் கண்ணாடிக் குணம் கொண்டவை. அவற்றின்மேல் தெரிவது லைட்டின் பிரதிபலிப்பு. ஆகவே பவரைக் கூட்டுவதைவிட லைட்டின் அளவைப் பெரிதாக்கி, கோணத்தைச் சரிசெய்தால் விளிம்பில் நீளமான, மென்மையான ஒரு பளபளப்பு கிடைக்கும். வெல்வெட் தனி ரகம். நேராகப் பார்த்தால் ஒளியையெல்லாம் குடித்துவிடும். ஆனால் அதன் இழைகள் நிமிர்ந்து நிற்பதால், துணி வளைந்து திரும்பும் ஓரங்களில் பக்கவாட்டு ஒளி அந்த இழை நுனிகளில் சிக்கிக்கொள்ளும். வெல்வெட் பிளவுஸின் கைவளைவு தானாகவே ஒரு ஒளிக்கோட்டைக் காட்டுவது அதனால்தான்.

புதுத்துணி என்பதாலேயே வரும் சிக்கல்களும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த சட்டையின் நெஞ்சுக்குக் குறுக்கே மடிப்புக் கோடு இருக்கும். சாய்வான ரிம் வெளிச்சம் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டும். கண்ணுக்கே தெரியாத பஞ்சுத் துகள் அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம்போல் மின்னும். கஞ்சி விறைப்பால் தோள் தையலுக்குக் கீழே துணி புடைத்து நிற்கும். எவ்வளவு நல்ல லைட் வைத்தாலும் அந்த உருவக்கோடு கோணல்தான். ஸ்டீம் அயர்ன், ஒட்டும் ரோலர், முதுகுப்பக்கம் இடுப்புத் துணியை இழுத்துப் பிடிக்க நான்கைந்து கிளிப் என்று அரைமணி நேரம் இதற்கே போகும். பிறகு கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம் உட்காருவதற்கு இது மேல்.

சிந்தெடிக் கருப்பில் இன்னொரு விசித்திரம். சில கருப்புச் சாயங்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதைத் தடுக்கும் வடிகட்டி பலவீனமாக இருக்கும் கேமராவில் கருப்புத் துணி ஊதாவாக விழும். 2006இல் வெளியான லைக்கா எம்8 கேமராவில் இந்தக் கோளாறு பெரிய பேச்சானது. வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்டும் தனி ஃபில்டரை நிறுவனமே கொடுத்தது. அகச்சிவப்பு மிகுந்த பழைய மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் இது கூடும். கருப்புப் பேண்ட் கருப்பாகவும் கருப்பு கோட் செம்பழுப்பாகவும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

லைட் எல்லாம் சரியாக இருந்தும் எக்ஸ்போஷரில் கோட்டை விடலாம். கேமராவின் மீட்டர், எதிரே இருப்பது சராசரியாக நடுச் சாம்பல் என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. கருப்புச் சட்டையும் இருட்டுப் பின்னணியும் சட்டத்தை நிறைத்திருந்தால் அது ஏமாந்து, எல்லாவற்றையும் சாம்பலுக்குத் தூக்கும். முகம் வெளுக்கும். தொடர்ந்து எரியும் எல்இடி விளக்கில் எடுப்பவர் முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து எக்ஸ்போஷரை நிறுத்திக்கொள்ளலாம். ஃபிளாஷ் என்றால் மாடலின் முகத்தருகே பிடிக்கும் கை மீட்டர் நல்லது. படத்தை ரா ஃபைலாகப் பதிவு செய்வது நல்லது. எட்டு பிட் ஜேபெக்கில் இருண்ட நிறங்களுக்கு ஒதுக்கப்படும் படிகள் குறைவு. பிறகு தூக்க முயன்றால் பட்டை பட்டையாகப் பிரியும்.

ஓரம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க, திரையில் எக்ஸ்போஷர் ஸ்லைடரைத் தற்காலிகமாக மூன்று ஸ்டாப் ஏற்றிப் பார்ப்பது வழக்கம். தோளின் கோடு அப்போது தெளிவாக எழும்பினால் தகவல் ஃபைலில் இருக்கிறது, லேசாகத் தூக்கிக்கொள்ளலாம். அப்போதும் தெரியாவிட்டால் எடிட்டிங்கில் எதுவும் செய்ய முடியாது, மறுபடி எடுக்க வேண்டியதுதான். இல்லாத விளிம்பைக் கையால் வரைந்தால் அது யாருடைய தோளாகவோ இருக்கும்.

இருக்கும் விளிம்பைத் தூக்குவதிலும் எல்லை உண்டு. பின்னணியை மென்மையான பிரஷ்ஷால் வெளுக்கும்போது பிரஷ் தோளைத் தாண்டிச் சட்டைக்குள் சிந்தும். அதைத் தவிர்க்க ஆளைச் சுற்றி செலெக்‌ஷன் போட்டு வெளியே மட்டும் வெளுத்தால், ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய ஒளிவட்டம் நிற்கும்; கோயில் படங்களில் சாமிக்குப் பொருந்துவது சட்டை மாடலுக்குப் பொருந்தாது. தோளிலிருந்து தூரம் போகப் போகப் படிப்படியாகக் குறையும் அகலமான கிரேடியண்ட்தான் பாதுகாப்பானது. ஒரே படத்தில் வெள்ளைச் சட்டையைக் கருப்பாக மாற்றித் தரச் சொல்லும் கடைகளும் உண்டு. அங்கே எப்போதும் காட்டிக்கொடுப்பது விளிம்புதான். பழைய வெள்ளைத் துணியின் நிறம் ஓரப் புள்ளிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். முகவாயின் அடியில் வெள்ளைச் சட்டை தெறித்த ஒளியும் அப்படியே இருக்கும். செலெக்‌ஷனை ஒன்றிரண்டு பிக்செல் வெளியே தள்ளி ஓரத்தை மூடலாம். முகவாய் ஒளியைத் தனியாக இறக்க வேண்டும்.

கடைசியில் படம் எங்கே போகிறது என்பது பாக்கி. பளபளப்பான ஆர்ட் பேப்பர் கேட்டலாக்கில் நிற்கும் வித்தியாசம், செய்தித்தாளில் நிற்காது. நியூஸ்பிரின்ட் மையை உறிஞ்சும். அச்சுப் புள்ளிகள் ஊறிப் பெரிதாகும். இருட்டில் நெருங்கி இருக்கும் இரண்டு நிறங்களுக்கு இடையே இருந்த இடைவெளியை அது நிரப்பிவிடும். பத்திரிகைக்குப் போகும் பதிப்பில் தோளுக்குப் பின்னால் இருக்கும் பேப்பரைக் கண்ணுக்கு மிகை என்று தோன்றும் அளவு தூக்கித்தான் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் வழியாகப் போகும் படத்துக்கும் ஏறக்குறைய இதே கதி; அதன் சுருக்கம் முதலில் கைவைப்பது இருண்ட பகுதிகளின் நுணுக்கத்தில். அதனால் அனுபவப்பட்டவர்கள் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பதிப்புகள் தயாரித்து, ஒன்றைத் தங்கள் போனுக்கே அனுப்பிப் பார்க்கிறார்கள். பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்து, வெயிலில் நின்று திறந்து பார்க்கும்போது வலது தோள் தெரிந்தால் கடைக்காரருக்கு அனுப்புகிறார்கள்.